ஜங்ஷன் பாக்ஸில் சமையல் வேண்டாம்

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காலை நேரத்தில் சமையலறையில் மீன் வாடை அடிக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்த வீட்டில் யாரும் மீன் சாப்பிடுவதில்லை. சிங்க் குழாயில்தான் ஏதோ அடைத்திருக்கிறது என்று முதலில் பிளம்பரை வரவழைத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். வாடை போகவில்லை. பிளம்பர்தான் போகும்போது, "இது கரண்ட் வாடை மாதிரி இருக்கும்மா, ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது சரி. பிளக், சாக்கெட், ஸ்விட்ச் போன்றவற்றில் பயன்படும் சில பிளாஸ்டிக் வகைகள் மிதமிஞ்சிச் சூடானால் மீன் வாடைதான் அடிக்கும்.

மேடைக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தது. எக்ஸ்டென்ஷன் போர்டு என்று கடையில் சொல்வதும், சென்னை வீடுகளில் ஜங்ஷன் பாக்ஸ் என்று சொல்வதும் ஒன்றுதான். நாலு ஓட்டை, ஒரு ஸ்விட்ச், மூன்று மீட்டர் வயர். அதில் இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், மிக்ஸி, குடிநீர் வடிகட்டும் கருவி என நான்கும் செருகப்பட்டிருந்தன. பாக்ஸைத் தொட்டேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பிறகு அதன் பிளக் சுவரில் செருகியிருந்த இடத்துக்குப் போனேன். வெள்ளைச் சாக்கெட்டில் ஃபேஸ் ஓட்டையைச் சுற்றித் தேநீர்க் கறைபோல ஒரு பழுப்பு வட்டம். மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கை இழுத்தபோது ஒரு பின் பிளாஸ்டிக்கோடு லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது. பித்தளை நிறத்தில் இருக்க வேண்டிய பின் நுனியிலிருந்து பாதிவரை கறுத்திருந்தது.

அந்த வீட்டு அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த அத்தியாயத்தை இங்கிருந்து தொடங்குகிறேன். "ஒரு தடவைகூட டிரிப் ஆகல சார். ஏதாவது ஜாஸ்தின்னா டிரிப் ஆகியிருக்கும்ல? அதனால நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சோம்."

இந்த நம்பிக்கை பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. டி.பி. பாக்ஸில் எம்.சி.பி. இருக்கிறது, அது காவல்காரன், அளவு மீறினால் அணைத்துவிடும் என்று நினைக்கிறோம். எம்.சி.பி. காவல்காரன்தான். ஆனால் அது காப்பது சுவருக்குள் போகும் வயரை. நீங்கள் கடையில் வாங்கி வந்து செருகிய ஜங்ஷன் பாக்ஸ் அதன் காவலுக்குள் வரவே வராது.

காலை ஏழரை மணிக் கணக்கு

அந்த வீட்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒரு சாதனத்தின் அடியிலோ முதுகிலோ எத்தனை வாட் என்று போட்டிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இண்டக்‌ஷன் அடுப்பு வழக்கமாக வைக்கும் நிலையில் 1600 வாட். கெட்டில் 1500. மிக்ஸி 750. வடிகட்டும் கருவி 40. நான்கும் ஒன்றாக ஓடினால் 3890 வாட். வகுத்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர்.

நாள் முழுக்கவா இது ஓடுகிறது? இல்லை. காலை ஏழரை மணிக்கு அடுப்பில் சாம்பார் கொதிக்கும், கெட்டிலில் வெந்நீர் காயும். கெட்டில் ஐந்தாறு நிமிடம் எடுக்கும். அந்த ஐந்தாறு நிமிடத்துக்குள் சட்னி அரைக்க மிக்ஸியும் இரண்டு நிமிடம் ஓடும். ஆகவே 17 ஆம்பியர் போவது தினமும் இரண்டு நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் அடுப்பும் கெட்டிலும் மட்டும் ஓடுகையில் பதிமூன்றரை ஆம்பியர். வாடை காலையில் மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது பாக்ஸைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் 6 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. அதாவது 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். கெட்டில் ஒன்று மட்டுமே அதைத் தாண்டிவிடும். வயரின் நுனியில் இருந்த பிளக்கும் சின்ன மூன்று பின் பிளக், அதுவும் 6 ஆம்பியருக்கானது. ஆனால் சமையலறையில் அது செருகப்பட்டிருந்ததோ 16 ஆம்பியர் பவர் பாயிண்ட். இப்போதைய பவர் சாக்கெட்டுகளில் பெரிய பின்னும் நுழையும், சின்ன பின்னும் நுழையும். பாக்ஸின் மேலே இருந்த நாலு ஓட்டைகளும் எந்தப் பின்னையும் ஏற்கும் யுனிவர்சல் ஓட்டைகள். சாமான் நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நுழைவது வேறு, தாங்குவது வேறு.

எம்.சி.பி. ஏன் பேசாமல் இருந்தது? அந்தப் பாயிண்டுக்குப் போட்டிருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. பதினாறைத் தாண்டிய உடனே அது விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தரநிலையே அப்படிச் சொல்லவில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியர்வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் டிரிப் ஆகக் கூடாது. 23 ஆம்பியர் அளவுக்குப் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகியே தீர வேண்டும். சுவருக்குள் இருப்பது இரண்டரை ஸ்கொயர் வயர். அது இந்தச் சூட்டைத் தாங்கும் என்பதால் வைத்த கணக்கு இது. 17 ஆம்பியர் இரண்டு நிமிடம் போவது எம்.சி.பி.யைப் பொறுத்தவரை ஒரு சாதாரணக் காலைப்பொழுது. அதே 17 ஆம்பியர் 6 ஆம்பியர் பிளக்குக்கு மூன்று மடங்கு.

சூடு எங்கே பிறக்கிறது

வயர் எரிவதால்தான் தீ பிடிக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பிரித்துப் பார்த்த பாக்ஸ்களில் பெரும்பாலும் முதலில் எரிந்திருப்பது வயரின் நடுப்பகுதி அல்ல; பின்னும் சாக்கெட்டும் தொடும் இடம், அல்லது வயர் ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும் இடம். உலோகமும் உலோகமும் கைகொடுக்கும் அந்த ஓரிடம்தான்.

சாக்கெட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று வளைத்து வைக்கப்பட்டிருக்கும். பின் உள்ளே போனதும் அது இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும். பிடி நன்றாக இருந்தால் அங்கே மின்தடை சில மில்லி ஓம்தான். 17 ஆம்பியர் போனாலும் அங்கே பிறக்கும் சூடு ஒரு வாட், இரண்டு வாட். கைக்குத் தெரியாது. பிடி தளர்ந்து, மின்தடை பத்தில் ஒரு ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டைக் கணக்கிட ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, வருவதை மின்தடையால் பெருக்க வேண்டும். 17-ஐ 17-ஆல் பெருக்கினால் 289. அதில் பத்தில் ஒரு பங்கு 29 வாட். ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவர்கள் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த அயர்னின் நுனியை உங்கள் சாக்கெட்டுக்குள் சொருகி வைத்தது போலத்தான், துவரம்பருப்பு அளவு இடத்தில் அந்தச் சூடு நிற்கிறது.

ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது. "கொஞ்சம் ஜாஸ்தியா போட்டா என்ன" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதன் கொடுமை என்னவென்றால் ஒருமுறை சூடான இடம் அடுத்த முறை இன்னும் சூடாகும். சூட்டில் பித்தளைத் தகட்டின் வில்விசை போய்விடும், பிடி மேலும் தளரும். உலோகத்தின் மேல் கறுப்பாக ஆக்ஸைடு படியும், அது மின்தடையைக் கூட்டும். மின்தடை கூடினால் சூடு கூடும். இப்படி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். கரியாகிவிட்ட பிளாஸ்டிக் வழியாக ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவு தொடங்கும், தீப்பொறி கிளம்பும். ஆகவே ஒருமுறை கருகிய பாக்ஸை, "இனிமேல் சின்ன சாமான் மட்டும் போடறேன்" என்று திரும்பப் பயன்படுத்தக் கூடாது. சுமையைக் குறைத்தாலும் உள்ளே உண்டான கரி போகாது.

தளர்ந்த பிடியில் சூடு பிறக்கும்போது லைனில் போகும் மின்னோட்டம் கூடுவதில்லை. ஆகவே எம்.சி.பி.க்குத் தெரியாது. வெளியே எர்த்துக்கும் கசிவதில்லை. ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தாலும் அதற்கும் தெரியாது. ஆர்.சி.சி.பி. உயிர் காக்கும் கருவி, எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். ஆனால் அது காப்பது ஷாக்கிலிருந்து. இந்த வகைச் சூட்டை வீட்டில் இருக்கும் இந்த இரண்டு கருவிகளுமே பார்ப்பதில்லை. உங்கள் மூக்கும் விரலும்தான் பார்க்க முடியும்.

நாலு சாமானின் மின்சாரமும் ஒன்றுசேர்ந்து போகும் இடம் பாக்ஸின் ஓட்டைகள் அல்ல, சுவரில் செருகியிருக்கும் பிளக். அங்கேதான் முழுச் சுமையும் விழுகிறது. வேளச்சேரி வீட்டில் பாக்ஸ் வெதுவெதுப்பாக இருக்க, சுவர் பிளக் கருகியிருந்ததன் காரணம் இதுவே. பெரும்பாலும் அந்தப் பிளக் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலோ, கட்டிலுக்குப் பின்னாலோ, மேடைக்கு அடியிலோ கண்ணில் படாமல் இருக்கும். பார்க்கும்போது பாக்ஸை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

வயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாக்ஸின் வயர் முக்கால் ஸ்கொயர், நீளம் மூன்று மீட்டர். தேவைப்பட்டது ஒரு மீட்டர்தான். மிச்சத்தை அழகாகச் சுருட்டி டேப் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். 17 ஆம்பியர் போகும்போது அந்த வயர் முழுவதிலும் சேர்த்துச் சுமார் 45 வாட் சூடு வரும். விரித்துப் போட்டிருந்தால் மூன்று மீட்டரில் பரவிக் காற்றில் போய்விடும். சுருட்டிக் கட்டினால் அதில் பெரும்பகுதி ஒரு கைப்பிடிக்குள் அடைபட்டுவிடும். வயரின் மேலுள்ள பி.வி.சி. உறை தாங்கும் அளவு பொதுவாக 70 டிகிரி செல்சியஸ். அதைக் கடந்து தொடர்ந்து சூடானால் உறை இளகும், பிறகு விறைத்து வெடிக்கும். ஜங்ஷன் பாக்ஸ் வயரைச் சுருட்டிக் கட்டாதீர்கள். மிதியடிக்கு அடியிலோ மெத்தைக்கு அடியிலோ விடாதீர்கள்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

எத்தனை பிளக் செருகியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. டி.வி., செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர், நாலு செல்போன் சார்ஜர், ஒரு லேப்டாப் எல்லாம் ஒரே பாக்ஸில் இருந்தாலும் பெரும்பாலும் முந்நூறு வாட்டைத் தாண்டாது. ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவு. தரமான பாக்ஸாக இருந்தால் தாராளமாகத் தாங்கும்.

ஆபத்து, சூடாக்கும் சாமான்களில் இருக்கிறது. சூடாக்குவதற்கென்றே செய்த எதுவும் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். இஸ்திரிப் பெட்டி 1000 வாட், வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு 1000 முதல் 1500, ஏர் ஃப்ரையர் 1400-க்கு மேல், மைக்ரோவேவ் அவன் அதே அளவு, கீஸர் 2000 முதல் 3000, வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின் 2000 வாட். ஏ.சி. சூடாக்கும் சாமான் இல்லையென்றாலும் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கணக்கில் ஓடும், அதன் கம்ப்ரஸர் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும். இவற்றில் எதையும், தனியாக ஒன்றை மட்டும்கூட, 6 ஆம்பியர் ஜங்ஷன் பாக்ஸில் போடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். "அவசரத்துக்கு ஒரு நாள்" என்று தொடங்குவதுதான் நான்கு வருடம் ஓடுகிறது.

வீட்டில் இருக்கும் இன்னொரு சாமான், சுவர் சாக்கெட்டிலேயே நேராகச் செருகும் மல்டி பிளக். கனசதுரமாக இருக்கும், மூன்று பக்கமும் ஓட்டை இருக்கும். அதில் மூன்று சார்ஜரை மாட்டினால் அந்தக் கனமே பிளக்கைக் கீழே இழுக்கும். மேல் பின் வெளியே வரும், கீழ்ப் பின் அமுங்கும். மேலே நான் சொன்ன பிடி தளர்வு அங்கே முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்ட உதவும் கன்வர்ட்டர் இன்னும் மோசம். பிளக்கைப் பெரியதாகச் செய்திருப்பதே சின்ன சாக்கெட்டில் அது நுழையக் கூடாது என்பதற்காகத்தான். அந்தத் தடுப்பைப் பத்து இருபது ரூபாய் சாமானால் உடைத்துவிடுகிறோம். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்குத் தொடராக இழுப்பதும் இதே கதைதான். முதல் பாக்ஸின் பிளக் இரண்டு பாக்ஸின் சுமையையும் சுமக்கும்.

படுக்கையறை ஸ்விட்ச் போர்டில் லைட், ஃபேன் ஸ்விட்ச்சுகளோடு இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட் பெரும்பாலும் லைட் லைனிலிருந்தே எடுத்திருப்பார்கள். லைட், ஃபேன், சின்ன சாக்கெட் எல்லாம் சேர்ந்த ஒரு லைனுக்கு நம் நாட்டு வயரிங் விதிமுறை வைத்திருக்கும் வரம்பு 800 வாட். இஸ்திரிப் பெட்டியையும் ராடையும் அங்கே போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பார்க்கும் முறை

இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். வழக்கமாக அதிகச் சுமை ஓடும் நேரத்தில், சாமான்கள் இருபது நிமிடம் ஓடிய பிறகு, ஸ்விட்ச்சை அணையுங்கள். அணைத்த உடனே பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பை விரல்களின் பின்புறத்தால் தொடுங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு சீக்கிரம் தெரியும். ஈரக்கையோடு தொடக் கூடாது. சுவர் பிளக், பாக்ஸின் ஓட்டைகள் இருக்கும் மேற்பரப்பு, வயர் பாக்ஸுக்குள் நுழையும் கழுத்து என்ற வரிசையில் பாருங்கள். லேசான வெதுவெதுப்புக்குக் கவலை வேண்டாம். ஐந்து விநாடி விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தச் சேர்க்கையை அன்றோடு நிறுத்துங்கள். பிளக்கை உருவும்போது உலோகப் பின்னைத் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

உருவிய பிறகு பின்னைப் பாருங்கள். பளபளப்பு போய்க் கறுத்திருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா? சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் இருக்கிறதா? மறுபடி செருகும்போது இறுக்கம் தெரிகிறதா, அல்லது தன் கனத்திலேயே கழன்று விழுகிறதா? கெட்டிலைப் போட்டதும் பக்கத்தில் எரியும் லைட் மினுக்குகிறதா? காதை அருகில் வைத்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் சடசடவென்று சத்தம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சாக்கெட், பிளக் இரண்டையுமே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கறுத்த பழைய பின் புதிய சாக்கெட்டையும் சீக்கிரம் கெடுத்துவிடும். தகட்டின் பிடி போன பழைய சாக்கெட், புதிய பிளக்கையும் அதேபோல் கெடுக்கும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்றால் சிலர் எளிய வழி ஒன்று சொல்வார்கள். "16-ஐ எடுத்துட்டு 32 போட்டுடலாம், பிரச்சினை தீர்ந்துடும்." தீராது. இடம் மாறும். இதுவரை பாக்ஸில் இருந்த ஆபத்து சுவருக்குள் போய்விடும். குழாய்க்குள் போகும் இரண்டரை ஸ்கொயர் வயர் 32 ஆம்பியரைத் தாங்காது. இந்த யோசனையைச் சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

தனி பாயிண்ட் இழுப்பது

வேளச்சேரி வீட்டில் நாங்கள் செய்த வேலை இதுதான். டி.பி. பாக்ஸிலிருந்து சமையலறைக்குப் புதிதாக இரண்டு லைன். ஒவ்வொன்றுக்கும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என இரண்டரை ஸ்கொயர் காப்பர் வயர். ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்பியர் எம்.சி.பி.; ஒவ்வொன்றின் முடிவிலும் ஸ்விட்ச்சோடு ஒரு 16 ஆம்பியர் சாக்கெட். ஒன்று இண்டக்‌ஷனுக்கு, ஒன்று கெட்டிலுக்கு. பழைய பவர் பாயிண்டில் கருகிய சாக்கெட்டை எடுத்துவிட்டுப் புதியது போட்டு அதில் மிக்ஸியை மட்டும் விட்டோம். வடிகட்டும் கருவிக்கு அங்கிருந்தே ஒரு சின்ன சாக்கெட்.

சுவரை உடைக்கவில்லை. அது வாடகை வீடு. உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. மேற்கூரை ஓரமாக பி.வி.சி. கேசிங் கேப்பிங் ஒட்டி அதற்குள் வயரைக் கொண்டுபோனோம். ஒரே நாளில் முடிந்துவிட்டது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த வழியை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். உடைப்பு இல்லை, தூசி இல்லை, பாயிண்ட் அவருடைய வீட்டிலேயே நிற்கப்போகிறது என்று சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். செய்பவர் அரசின் வயர்மேன் தகுதிச் சான்று உள்ளவரா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. கீஸரும் ஏ.சி.யும் சேர்ந்து புதிதாக வருகிறது என்றால் உங்கள் இணைப்புக்கு அனுமதித்திருக்கும் மின்சுமை போதுமா என்பதையும் அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள்.

பாயிண்ட் வரும்வரை சமாளிக்க வேண்டும் என்றால், சூடாக்கும் சாமான்களை ஒரு நேரத்தில் ஒன்றாக, நேராகச் சுவரின் 16 ஆம்பியர் பாயிண்டிலேயே செருகுங்கள். கெட்டில் முடிந்த பிறகு இண்டக்‌ஷன். ஐந்து நிமிடம் தாமதமாகும்.

ஜங்ஷன் பாக்ஸ் புதிதாக வாங்கும்போது பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல் வயரைப் பாருங்கள். நல்ல வயரில் மூன்று கோர், எத்தனை சதுர மி.மீ. என்று நீளவாக்கில் அச்சிட்டிருக்கும். அச்சே இல்லாத வயரை வாங்காதீர்கள். டி.வி., கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கொயர் போதும். 16 ஆம்பியர் என்று போட்டு விற்கும் பாக்ஸானால் ஒன்றரை ஸ்கொயருக்குக் குறையாத வயரும் பெரிய பின் பிளக்கும் இருக்க வேண்டும். பிளக், சாக்கெட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1293, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பாக்ஸிலேயே சிவப்புப் பொத்தானுடன் ஓவர்லோடு கட் இருந்தால் நல்லது. அந்தப் பாக்ஸுக்கு எம்.சி.பி. செய்யாத வேலையை அது செய்யும். ஆனால் அதுவும் மொத்த ஆம்பியரைத்தான் பார்க்கும், தளர்ந்த பின்னைப் பார்க்காது.

புகை வந்துவிட்டால்

எரியும் பிளக்கைக் கையால் பிடுங்கப் போகாதீர்கள். முதல் வேலை டி.பி. பாக்ஸில் மெயினை அணைப்பது. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. மின்சாரத்தை அணைத்த பிறகும் தீ சின்னதாக இருந்தால் பவுடர் வகை தீயணைப்பானைப் பயன்படுத்தலாம். திரையிலோ மெத்தையிலோ பிடித்துவிட்டால் நின்று போராடாதீர்கள். எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு, அந்த அறைக் கதவையும் வீட்டுக் கதவையும் பூட்டாமல் சாத்திவிட்டு, படி வழியாக இறங்கி 101-க்குக் கூப்பிடுங்கள்.

கதவைச் சாத்துவது அடுக்குமாடியில் பெரிய விஷயம். சீனாவின் உரும்சி நகரில் 2022 நவம்பர் 24 அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். பதினைந்தாவது மாடியில் ஒரு வீட்டின் படுக்கையறையில் இருந்த எக்ஸ்டென்ஷன் போர்டில்தான் தீ தொடங்கியது என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். தீ பதினேழாவது மாடிவரை போனது. புகை இருபத்தோராவது மாடிவரை ஏறியது. திறந்திருந்த கதவுகள் வழியாகப் புகை பரவியதாகவும் அவர்கள் சொன்னார்கள். தனி வீட்டில் ஒரு பாக்ஸ் எரிந்தால் பெரும்பாலும் அந்த வீட்டோடு போகும். அடுக்குமாடியில் உங்கள் பாக்ஸின் புகை, முகம்கூடத் தெரியாத மேல்மாடிக்காரர் தூங்கும் அறைக்குப் போய்ச் சேரும். உங்கள் தளத்தின் படிக்கட்டில் செருப்பு அலமாரியும் பழைய சைக்கிளும் நிற்கின்றனவா என்பதை இன்றே ஒருமுறை பாருங்கள்.

வேளச்சேரி வீட்டில் வேலை முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா கருகிய பாக்ஸைப் பழைய பேப்பர் கட்டோடு வாசலில் வைத்திருந்தார். கட்டிங் பிளையரை எடுத்து வயரைப் பாக்ஸின் கழுத்திலேயும் பிளக்கின் கழுத்திலேயும் வெட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெட்டாமல் குப்பையில் போட்ட பாக்ஸை, பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துப்போய்த் தங்கள் வீட்டில் செருகிவிடுவார்கள்.